பழைய டொயோட்டாவா, புது வேகன் ஆரா?

ஆறு ஏழு லட்சம் ரூபாயில் வீட்டுக்கு முதல் கார் வாங்க நினைப்பவர்களிடம் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "புதுசு எதுக்கு? ஷோரூம் வாசலைத் தாண்டியதும் ஒரு லட்சம் போயிடும். அதே காசுக்கு நல்ல கம்பெனி வண்டி செகண்ட் ஹேண்டில் எடு, பத்து வருஷம் ஓடும்." பல ஆண்டுகளாக இது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. இப்போதும் அப்படியே நம்பிவிடக் கூடாது, ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கை மாற்றியது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு அதற்கு முன் செஸ்ஸையும் சேர்த்து 29 சதவீதம் வரி இருந்தது. புது ஹேட்ச்பேக்குகளின் விலை ஒரே நாளில் பல பத்தாயிரங்கள் இறங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் பழைய கார் வியாபாரிகளின் பக்கம் வரி எதிர்த்திசையில் போயிருந்தது. பதிவு பெற்ற டீலர் ஒருவர் பழைய சின்ன காரை விற்றால், அவருக்குக் கிடைக்கும் லாபத்தின் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது. (தனி நபர் தனி நபருக்கு விற்றால் இந்த வரி கிடையாது.) புதுசுக்கும் பழசுக்கும் நடுவே இருந்த இடைவெளி இரண்டு பக்கமிருந்தும் சுருங்கிவிட்டது.

இதை என் சித்தப்பா மகனுக்காக உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியர். வீட்டில் ஐந்து பேர். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். தினமும் பள்ளிக்குப் போய்வருவது, மாதம் ஒரு முறை மாமியார் ஊர், ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணம். எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர். அவர் மனத்தில் இருந்தவை இரண்டு வண்டிகள். ஒன்று, புது மாருதி வேகன் ஆர், ஒரு லிட்டர் இன்ஜின், நடுத்தர வேரியன்ட். மற்றொன்று, 2018 மாடல் டொயோட்டா எட்டியோஸ் லிவா, 1.2 லிட்டர் பெட்ரோல். லிவா 2020-இல் நின்றுபோன வண்டி. ஆனால் 'இன்ஜினைத் திறக்கவே வேண்டாம்' என்று மெக்கானிக்குகளே சொல்லும் வண்டிகளில் ஒன்று.

முதலில் வேகன் ஆர். ஷோரூம் விலை சுமார் ஐந்தரை லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அது மட்டுமே எழுபதாயிரத்தைத் தாண்டும். இன்ஷூரன்ஸ் சுமார் இருபத்தெட்டாயிரம். புது காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுத்தாக வேண்டும் என்பதால் முதல் ஆண்டுத் தொகை பெரிதாகத் தெரியும். பதிவு, நம்பர் பிளேட், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 6 லட்சத்து 60 ஆயிரம்.

லிவாவுக்கு விற்பவர் கேட்டது 4 லட்சத்து 25 ஆயிரம். ஆயுள் வரியை முதல் ஓனரே கட்டிவிட்டார். தமிழ்நாட்டுக்குள்ளேயே வாங்கினால் நமக்கு அந்தச் செலவு இல்லை. பழைய வண்டியில் யாரும் பேசாத லாபம் இது. (புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி மலிவாக வருகிறது என்று ஓடுபவர்கள், இங்கே அதற்கு ஆயுள் வரி கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.) ஆனால் ஏழு வயதான வண்டியை எடுத்து அப்படியே ஓட்ட முடியாது. நான்கு டயர் பதினெட்டாயிரம். பேட்டரி ஐந்தாயிரம். இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாம் மாற்றி ஒரு முழு சர்வீஸ் பத்தாயிரம். முன் சக்கரத்து புஷ், லிங்க் வேலை பத்தாயிரம். ஓராண்டு இன்ஷூரன்ஸும் பெயர் மாற்றமும் பன்னிரண்டாயிரம். ஆக 55 ஆயிரம் கூடுகிறது. 4 லட்சத்து 80 ஆயிரத்தில் வண்டி வீட்டுக்கு வருகிறது. புது வண்டியைவிட 1 லட்சத்து 80 ஆயிரம் குறைவு.

இந்த இடத்தில்தான் பலர் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டினோம்.

ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டினால் வேகன் ஆர் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் என்று வைத்தோம், லிவா பதினாலரை. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய். ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குப் புது வண்டி 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் குடிக்கும், பழையது 3 லட்சத்து 48 ஆயிரத்துக்கு. சர்வீஸ், டயர் எல்லாம் புதுசுக்கு அறுபதாயிரம் போதும். பழசுக்கு ஒரு கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏ.சி. வேலை ஆகியவற்றைச் சேர்த்து 1 லட்சத்து 10 ஆயிரம் வைக்க வேண்டும். மீதி நான்கு ஆண்டு இன்ஷூரன்ஸ் புதுசுக்கு நாற்பத்தைந்தாயிரம், பழசுக்கு நாற்பதாயிரம். ஐந்தாண்டு கழித்து விற்றால் வேகன் ஆர் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்குப் போகலாம். லிவாவுக்கு அப்போது வயது பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். ஆர்.சி. பதினைந்து ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அந்த நேரத்தில் வாங்குபவர்கள் தயங்குவார்கள். இரண்டு லட்சம் கிடைத்தால் நல்லது.

கூட்டிக் கழித்தால், ஐந்து ஆண்டுக்கு வேகன் ஆர் வைத்திருந்ததற்கான செலவு 7 லட்சத்து 15 ஆயிரம். லிவாவுக்கு 7 லட்சத்து 78 ஆயிரம். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் மலிவாக வாங்கிய வண்டி, கடைசியில் அறுபதாயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவு வைக்கிறது.

விலைகளும் மறுவிற்பனைத் தொகைகளும் ஊருக்கு ஊர் மாறும். யாரும் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இப்படி வருவதற்கான காரணம் மாறாது. நல்ல பெயர் எடுத்த கம்பெனியின் பழைய வண்டி மலிவாகக் கிடைப்பதில்லை. அதன் நம்பகத்தன்மை ஊருக்கே தெரியும், விற்பவருக்கும் தெரியும். அந்த நல்ல பெயருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள். பெயர் கெட்டுப்போன, அல்லது இந்தியாவை விட்டே போய்விட்ட கம்பெனியின் வண்டி மலிவாகக் கிடைக்கும். உதிரி பாகத்துக்கு அலைய நீங்கள் தயார் என்றால் அது வேறு கதை.

அடுத்தது கடன். என் தம்பியின் முடிவை மாற்றியது இதுதான். இரண்டு லட்சம் கையிலிருந்து போட்டால் புது வண்டிக்கு 4 லட்சத்து 60 ஆயிரம் கடன் வேண்டும். 9 சதவீதம், ஐந்து ஆண்டு, மாதத் தவணை ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். மொத்த வட்டி 1 லட்சத்து 13 ஆயிரம். பழைய வண்டிக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் கடன் போதும். ஆனால் பழைய காருக்குக் கடன் கொடுப்பவர்கள் வட்டியைக் கூட்டித்தான் கேட்பார்கள். அவருக்குச் சொன்னது 14 சதவீதம். தவணை ஆறாயிரத்து ஐந்நூறு. மொத்த வட்டி 1 லட்சத்து 11 ஆயிரம். கடன் பாதியளவுக்கு நெருங்கக் குறைந்தும் வட்டி ஏறக்குறைய ஒன்றேதான்! மாதத் தவணையில் மூவாயிரம் மிச்சமாவது உண்மை. மாதச் சம்பளத்தில் அந்த மூவாயிரமே இடிக்கிறது என்றால் பழைய வண்டிதான் வழி. ஆனால் அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

முழுப் பணமும் கையில் இருப்பவருக்கு விடை வேறு. மிச்சமான 1 லட்சத்து 80 ஆயிரத்தை ஆறரை சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் ஐந்து ஆண்டில் அறுபத்தெட்டாயிரம் வரும். அது இந்த அறுபதாயிரத்தைச் சரிக்கட்டிவிடும். இரண்டு வண்டியும் சமம். இனி ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் ஓய்வுபெற்ற தம்பதியை நினைத்துப் பாருங்கள். கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், அவ்வளவுதான். பெட்ரோலில் வரும் வித்தியாசம் அறுபத்தெட்டாயிரத்திலிருந்து இருபத்தேழாயிரமாகச் சுருங்கிவிடும். அவர்களுக்குப் பழைய லிவாதான் லாபம், அதுவும் ஐம்பதாயிரம் ரூபாய் அளவுக்கு. குறைவாக ஓட்டுபவர், ரொக்கமாக வாங்குபவர் என்றால் பழையது. நிறைய ஓட்டுபவர், கடனில் வாங்குபவர் என்றால் புதியது. நான் பார்த்தவரை வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. வங்கியில் பணம் வைத்திருப்பவர் புதுசு வாங்கிப் போர்வை போர்த்தி நிறுத்துகிறார். கடன் வாங்குபவர் பழசை எடுத்து தினமும் ஓட்டுகிறார்.

இனி வாரன்ட்டி. புது வண்டி விற்கும் இடத்தில் இந்தச் சொல்லை ஒரு கவசம்போலப் பேசுவார்கள். மாருதி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரன்ட்டியை மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. எது முன்னால் வருகிறதோ அதுவரை. மற்ற பெரிய கம்பெனிகளும் ஏறக்குறைய இதே அளவு தருகின்றன. கூடுதல் பணம் கட்டி நீட்டிக்கொள்ளலாம்.

ஆனால் வாரன்ட்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும் தரும் உறுதி. கியர் பாக்ஸில் சத்தம், ஸ்டீயரிங் மோட்டார் வேலை செய்யாமல் போவது, இன்ஜின் கன்ட்ரோல் யூனிட் பழுது போன்றவை அதில் வரும். இவை அரிதாக வந்தாலும் வந்தால் முப்பது, நாற்பது ஆயிரம் என்று போகும். அதனால் அந்த உறுதிக்கு மதிப்பு உண்டு. தேய்ந்துபோகும் எதுவும் அதில் வராது: பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு. இலவச சர்வீஸ் என்றாலும் கூலிதான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு.

நம் ஊரில் வாரன்ட்டி கைவிடும் இடங்கள் சில உண்டு. முதலாவது எலி. இரவில் நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடித்துவிட்டால் அது தயாரிப்புக் குறை ஆகாது. இன்ஷூரன்ஸில் பார்க்க வேண்டும், அதுவும் பாலிசியைப் பொறுத்தது. அடுத்தது வெளிக்கடையில் போடும் ஹாரன், லைட், ரிவர்ஸ் கேமரா. ஒயரை நடுவில் வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், பிறகு மின்சாரப் பழுது எது வந்தாலும் சர்வீஸ் சென்டர் முதலில் அந்த டேப்பைத்தான் காட்டும். வெளியில் கேஸ் கிட் பொருத்தினாலும் அப்படித்தான். குறித்த கிலோமீட்டரில் சர்வீஸ் விடாமல் தள்ளிப்போடுவதும் சேரும். தண்ணீரில் இறக்கி இன்ஜினுக்குள் நீர் போய் நின்றுவிட்டால் வாரன்ட்டியும் உதவாது, சாதாரண முழுக் காப்பீடும் இன்ஜின் செலவைத் தர மறுக்கலாம். அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி உண்டு. சில ஆயிரம் கூடினாலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் தெருவில் இருப்பவர்கள் அதை எடுத்தே ஆக வேண்டும்.

பழைய வண்டிக்குத் திரும்புவோம். நம்பகமான கம்பெனி என்ற சொல் வண்டியின் பிறப்பைப் பற்றித்தான் சொல்லும், வளர்ப்பைப் பற்றிச் சொல்லாது. அதே ஆண்டு, அதே தொழிற்சாலையில் வந்த இரண்டு லிவாக்களில் ஒன்று டாக்டர் வீட்டில் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். மற்றொன்று மஞ்சள் போர்டில் இரண்டு லட்சம் ஓடி, வெள்ளைப் போர்டுக்கு மாறியிருக்கும். எட்டியோஸ் குடும்பத்து வண்டிகள் டாக்ஸியாக நிறைய ஓடியவை என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

தம்பி பார்த்த லிவாவின் மீட்டர் 58 ஆயிரம் காட்டியது. வெள்ளை நிறம், பளபளவென்று பாலிஷ், உள்ளே புது சீட் கவர். நாங்கள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அவருக்கு முன்கூட்டியே பணம் பேசிவிட வேண்டும், வண்டி அமைந்தாலும் அமையாவிட்டாலும் தருவதாக. இல்லையென்றால் அவர் மனம் அறியாமலே 'எடுத்துக்கலாம்' பக்கம் சாயும். அவர் இன்ஜினைப் பார்க்கவே இல்லை, முதலில். கதவைத் திறந்து குனிந்து பிரேக் மிதியின் ரப்பரைத் தடவினார். வரிகள் மழுங்கி, ஒரு ஓரம் வழவழவென்று இருந்தது. பக்கத்தில் கிளட்ச் மிதியின் ரப்பர் மட்டும் புத்தம் புதிது. "58 ஆயிரத்துல மிதி இப்படித் தேயாது சார்" என்றார். பிறகு டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்ணைக் காட்டினார். 1122. அதாவது 2022-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம் செய்த டயர். நான்கும் அதே காலம். வண்டியோடு வந்த டயர்கள் நான்கு ஆண்டில் தேய்ந்து மாறியிருக்கின்றன. மாற்றிய டயரும் இப்போது முக்கால்வாசி காலி. ஒரு செட் டயர் நாற்பது, ஐம்பது ஆயிரம் கிலோமீட்டர் வரும். இரண்டாவது செட் முடியும் தறுவாயில் இருக்கும் வண்டி எப்படி 58 ஆயிரத்தில் நிற்கும்?

வண்டி எண்ணை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவைப் பார்க்கலாம் என்று விற்பவரை அழைத்தோம். கொஞ்சம் தயங்கிவிட்டு வந்தார். கணினியில் 2022 ஏப்ரல் சர்வீஸின்போது மீட்டர் 81 ஆயிரம் என்று இருந்தது. அதற்குப் பிறகு பதிவே இல்லை. விற்பவர் தானும் இன்னொருவரிடம் வாங்கியதாகச் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். மீட்டரைத் திருப்பியவர் யார் என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

சர்வீஸ் பதிவு இல்லாத வண்டியை, எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், எடுக்க வேண்டாம் என்பேன். வெளி மெக்கானிக்கிடம் நன்றாகப் பார்த்துக்கொண்ட வண்டிகளும் உண்டு. அப்படியானால் பில்லாவது இருக்க வேண்டும்.

மீட்டரைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாம் பார்த்தோம். அப்படி மூழ்கிய வண்டியை இன்ஷூரன்ஸ் கம்பெனி முழுநஷ்டமாக எடுத்துக்கொண்டால் அது கழிவாக ஏலத்துக்குப் போகிறது. அதைக் கழுவிக் காயவைத்து ஓடச் செய்துவிடலாம். வேறு மாவட்டத்தில் கொண்டுபோய் விற்றும்விடலாம். பிரச்சினை உடனே தெரியாது. தரை விரிப்புக்கு அடியில் ஓடும் ஒயர் கட்டுகளின் இணைப்புகளில் பாசிப்பச்சையாகத் துரு வளரும். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி இறங்காது, பிறகு ஏர்பேக் விளக்கு எரியும், ஒரு நாள் வண்டியே எடுக்காது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து மாளாது.

இதைக் கண்டுபிடிக்க கருவி வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி இரண்டடியில் சேற்றுக் கறை ஒரு கோடாக நின்றிருக்கும். சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, அது ஓடும் இரும்புத் தடத்தையும் தரையில் பிடித்திருக்கும் போல்ட்டையும் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் அந்த இடத்தில் துரு பிடிக்கக் காரணமே இல்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏ.சி.யைப் போடாமல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈரத் துணி மட்கிய வாடை வந்தால் இறங்கிவிடுங்கள். தூக்கலான வாசனைத் திரவியம் தெளித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க பானெட்டைத் திறந்தால் போதும். மட்கார்டையும் பானெட் கீலையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் தொழிற்சாலைப் பெயிண்ட் முழுசாக இருக்க வேண்டும். ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. பம்பர், மட்கார்டு மாற்றியது பெரிய விஷயமில்லை. நம் ஊர் டிராஃபிக்கில் அது எல்லா வண்டிக்கும் நடக்கும். உள்ளே இருக்கும் சட்டம் வளைந்து டிங்கரிங் செய்திருந்தால்தான் விலக வேண்டும். இன்ஜினைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: அதை ஆறிய நிலையில் நீங்களே முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் வரும் சத்தமும் நீலப் புகையும் மறைந்துவிடும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதைத் துண்டித்திருக்கிறார்கள் என்று பொருள்.

பணக் கணக்குக்குள் வராத ஒன்று பாதுகாப்பு. எட்டியோஸ் 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. வேகன் ஆர் 2023-இல் ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. ஆனால் இரண்டும் வேறு வேறு பரீட்சை. 2016-இல் முன்பக்க மோதலை வைத்து மதிப்பிட்டார்கள். பிறகு விதி கடுமையானது. 2023 வேகன் ஆரில் இரண்டு ஏர்பேக்தான். 2025 முதல் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு வருகிறது. இருந்தாலும் ஏர்பேக்கின் எண்ணிக்கை கூடிவிட்டதால் வண்டியின் கட்டுமானம் மாறிவிடாது. நெடுஞ்சாலையில் நிறைய ஓடும் குடும்பம் புதுசு என்று முடிவெடுத்தால், அதே விலைக்கு நல்ல நட்சத்திரம் வாங்கிய வேறு ஹேட்ச்பேக்கையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். டாடா டியாகோ 2020-இல் நான்கு நட்சத்திரம் வாங்கிய வண்டி.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கத்தான் செய்யும். 2023-க்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகள் இந்தக் கலவையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய வண்டி எடுத்தால் முதல் சர்வீஸிலேயே எரிபொருள் குழாய்களின் ரப்பர் விறைத்திருக்கிறதா, கசிகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

தம்பி கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டார். முதல் ஓனரிடமிருந்து நேரடியாக ஒரு வேகன் ஆர் கிடைத்தது. இரண்டரை வயது, 21 ஆயிரம் கிலோமீட்டர், ஒவ்வொரு சர்வீஸும் கம்பெனியில். முதல் ஓனர் பணம் கட்டி வாரன்ட்டியை ஐந்து ஆண்டாக நீட்டியிருந்தார், அது வண்டியோடு வரும் என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் உறுதி செய்துகொண்டோம். விலை இறக்கத்தின் பெரும்பகுதியை அவர் சுமந்துவிட்டார், வாரன்ட்டியின் பாதி நமக்கு வந்தது. புது வண்டியின் விலை வரியால் இறங்கியதைக் காட்டித்தான் பேரம் பேசினோம். இறங்கிவந்தார். என்னைக் கேட்டால், கடன் வாங்கி நிறைய ஓட்டுபவர்களுக்குப் புது வண்டிக்கு அடுத்தபடி தேட வேண்டியது இத்தகைய வண்டியைத்தான். ஏழு எட்டு வயதானதை அல்ல.

பழைய வண்டி எதுவானாலும் பணத்தைக் கொடுக்கும் முன் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் பதிவு இருக்கிறதா, பாக்கி அபராதம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். கடன் அடைத்தாகிவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வந்து, ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவு நீங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதனால் பிரீமியம் சற்று ஏறும். விற்பவரிடமும் இதைச் சொல்லி அவரையும் அவசரப்படுத்தலாம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி கைமாறி எத்தனை பேரிடம் போயிருந்தாலும் அப்படித்தான்.